ஸ்டவுட் குடித்தால் பால் ஊறுமா?

பிள்ளை பெற்றவளுக்கு முட்டைக் கோப்பியில் ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுப்பது மலையகத்தில் பலருக்கும் தெரிந்த பழக்கம். உடம்பு வலி போகும், குளிர் ஏறாது, பாலும் நன்றாக ஊறும் என்பார்கள். இரண்டு மூன்று மாதம் போய், தாய் மறுபடி கொழுந்து மலைக்குப் போகத் தொடங்கியதும் பால் குறைந்த மாதிரி இருக்கும். அப்போது யாராவது ஒரு பெரியம்மா, "ஒரு ஸ்டவுட் வாங்கிக் குடிடி, மறுநாளே மார்பு நெறைஞ்சிரும்" என்பார். கடைக்குப் போவது புருஷனோ தம்பியோதான், அதனால் வீட்டுக்கு வெளியே விஷயம் தெரியாது. கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதும் இல்லை.

அந்தப் பெரியம்மா பொய் சொல்லவில்லை. ஸ்டவுட் குடித்த சில மணிநேரத்தில் பல பெண்களுக்கு மார்பு நிறைந்தாற்போல், கனத்தாற்போல் இருப்பது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தலைகீழ். பால் கூடுதலாக ஊறியதால் மார்பு நிறையவில்லை. ஊறிய பால் வெளியே போக முடியாமல் நின்றதால் நிறைந்தது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு ஹோர்மோன்களைத் தெரிந்துகொண்டால் போதும். புரோலக்டின் பாலை உண்டாக்கச் சொல்வது. ஒட்சிடோசின் உண்டான பாலைப் பிதுக்கி வெளியே தள்ளுவது. பிள்ளை வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் மார்புக்குள் ஊசி குத்துவது போல ஒரு கூச்சம் வந்து, மற்றப் பக்கத்திலும் சொட்டுச் சொட்டாக வடியுமே, பால் இறங்குது என்கிறோமே, அது ஒட்சிடோசின் செய்யும் வேலை. பால் எவ்வளவு இருந்தாலும் இந்த ஹோர்மோன் வராவிட்டால் பிள்ளையின் வாய்க்குப் போவது கொஞ்சம்தான்.

மதுவின் அற்ககோல் இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிறது. 2005 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் ஆய்வு நிலையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் பாலூட்டும் தாய்மாரை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். கொடுத்த அளவு பெரிதில்லை. உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.4 கிராம் அற்ககோல். 48 கிலோ எடையுள்ள நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு அது 19 கிராம், சாராயமாக ஊற்றினால் 70 மில்லிலீற்றரைக் கொஞ்சம் தாண்டும். அந்த அளவுக்கே ஒட்சிடோசின் சராசரியாக 78 சதவீதம் விழுந்தது. புரோலக்டின் மூன்று மடங்குக்கும் மேலே ஏறியது. புரோலக்டின் ஏறியதை மட்டும் பார்த்தால் பெரியம்மா ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் முதல் சொட்டு வெளிவரத் தாமதமானது, பம்பில் வந்த பாலும் குறைந்தது. உள்ளே உத்தரவு போகிறது, வாசல் பூட்டியிருக்கிறது. தாய்க்குத் தெரிவதெல்லாம் மார்பின் கனம் மட்டும்தான்.

அப்படியானால் பிள்ளை அழுது காட்டிக் கொடுக்காதா? அங்கேதான் இந்த நம்பிக்கை இத்தனை காலம் தப்பிப் பிழைத்ததன் ரகசியம் இருக்கிறது. அதே நிலையத்தில் 1991 இல் செய்த வேறோர் ஆய்வில், தாய்மாருக்குத் தோடம்பழச் சாற்றில் கொஞ்சம் அற்ககோல் கலந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் வாய் வைத்ததும் முதலில் வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சின. ஆனால் மொத்தத்தில் குடித்த பால் குறைவு. பாலின் வாசனையும் மாறியிருந்தது. பிறகு சாதாரண பியரையும் அற்ககோல் இல்லாத பியரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இதே கதைதான்: பியர் குடித்த நாளில் பிள்ளைகள் குறைவாகக் குடித்தன, தாய்மாருக்கோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆக, மார்பு கனக்கிறது, பிள்ளை ஆர்வமாக உறிஞ்சுகிறது, நேரமும் வழக்கம்போலத்தான் ஆகிறது. குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பால் கொடுக்கும் முன்னும் பின்னும் பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். லயத்தில் யார் அதைச் செய்யப் போகிறார்கள்?

பிள்ளை தூங்குவதும் இப்படி ஏமாற்றும். அற்ககோல் கலந்த பால் குடித்த பிள்ளை சீக்கிரம் கண் அயர்ந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அடுத்த மூன்று, மூன்றரை மணிநேரத்தை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் மொத்தத்தில் குறைவாகவே தூங்குகின்றன. துண்டு துண்டான தூக்கம்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். பார்லியில் இருக்கும் ஒருவகை மாச்சத்து புரோலக்டினைக் கொஞ்சம் தூண்டக்கூடியது, பியரின் புகழ் அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அந்தச் சத்து அற்ககோல் இல்லாத மால்ட் பானத்திலும் இருக்கிறது. பார்லித் தண்ணியில் இல்லாத எந்த நன்மையையும் ஸ்டவுட் கூடுதலாகத் தருவதாக எவரும் காட்டியதில்லை. பாலை அடைக்கும் பகுதியை மட்டும் அது கூடுதலாகத் தருகிறது.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். பாலில் அற்ககோல் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பவர்கள் மார்பை ஒரு போத்தல் மாதிரி நினைக்கிறார்கள். அதில் விழுந்தது வெளியே ஊற்றும் வரை அங்கேயே கிடக்கும் என்று. அதனால்தான் "அந்தப் பாலைப் பீச்சிக் கொட்டிட்டா சரியாயிடும்" என்கிறார்கள். அப்படி இல்லை. அற்ககோல் இரத்தத்துக்கும் பாலுக்கும் இடையில் தாராளமாகப் போய் வரும். இரத்தத்தில் ஏறினால் பாலில் ஏறும், இரத்தத்தில் இறங்கினால் பாலிலிருந்து திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். சாப்பாட்டோடு குடித்தால் ஒன்றரை மணிவரை பிந்தலாம். பிறகு ஈரல் எரிக்கும் வேகத்தில் இறங்கும். நீங்கள் பீச்சிக் கொட்டினாலும், இரத்தத்தில் அற்ககோல் இருக்கும்வரை புதிதாக ஊறும் பாலிலும் அது இருக்கும். கொட்டாமல் விட்டாலும், நேரம் வந்ததும் உள்ளே இருக்கும் அதே பால் சுத்தமாகிவிடும். மார்பு கட்டி வலித்தால், அந்த வலி தீரப் பீச்சிவிடலாம். அதற்கு மேல் கொட்டுவதில் பயன் இல்லை. கறுப்புக் கோப்பி, மோர், தேசிக்காய்த் தண்ணி, குளிப்பு, தூக்கம் எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது.

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். ஹட்டன் பக்கத்து ஒரு தாய், எடை 48 கிலோ, பிள்ளைக்கு மூன்று மாதம், ஐந்து கிலோ. தீபாவளி இரவு எட்டு மணிக்குச் சாராயம் 60 மில்லிலீற்றர் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். போத்தலில் 33.5 சதவீதம் என்று போட்டிருந்தால் அதில் இருக்கும் அற்ககோல் 20 மில்லிலீற்றர், நிறைக்கு ஏறக்குறைய 16 கிராம். பெண்ணுடம்பில் அற்ககோல் பரவும் இடம் எடையின் பாதியைக் கொஞ்சம் தாண்டும், இவருக்கு 26 கிலோ அளவு. 16 கிராமை அதில் கரைத்தால் இரத்தத்தின் ஒவ்வொரு 100 மில்லிலீற்றரிலும் கிட்டத்தட்ட 60 மில்லிகிராம் வரும். உடம்பு மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைக்கும். ஆக மூன்று முதல் நான்கு மணிநேரம். எட்டு மணிக்குக் குடித்தவர் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தயங்காமல் பால் கொடுக்கலாம். இதே 60 மில்லிலீற்றரை 65 கிலோ எடையுள்ள ஒருவர் குடித்தால் மூன்று மணியே போதுமானதாக இருக்கும். மருத்துவர்கள் பொதுவாக ஒரு அளவுக்கு இரண்டு முதல் மூன்று மணிநேரம் என்று சொல்வதும் இந்தக் கணக்கிலிருந்துதான், ஆனால் அவர்கள் மனதில் இருப்பது நம்மைவிடக் கனமான பெண்கள், கொஞ்சம் சின்ன அளவு. தோட்டத்து ஒல்லி உடம்புக்கு மேல் எல்லையை எடுத்துக்கொள்வதே பத்திரம்.

சரி, அந்தத் தாய் காத்திருக்காமல் ஒன்பது மணிக்கே பால் கொடுத்துவிட்டார், பிள்ளைக்கு என்ன ஆகும்? இதையும் பயமுறுத்தாமல் கணக்கில் பார்க்கலாம். உச்சத்தில் அவர் பாலில் இருப்பது 100 மில்லிலீற்றருக்கு 60 மில்லிகிராம், அதாவது 0.06 சதவீதம். கள்ளில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பிள்ளை 100 மில்லிலீற்றர் குடித்தால் உள்ளே போவது 0.06 கிராம். பச்சைக் குழந்தையின் ஈரல் பெரியவர்களின் வேகத்தில் பாதி அளவில்தான் அற்ககோலை எரிக்கும் என்றாலும், ஒரு தடவை இப்படி நடந்ததால் பிள்ளைக்கு வெறி ஏறிவிடாது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறவும் வேண்டாம். அன்றிரவு பிள்ளை கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், தூக்கம் கெடும், பிறகு எட்டிலிருந்து பதினாறு மணிநேரத்துக்குள் அடிக்கடி குடித்து விட்டதை ஈடுகட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். அதே நேரம், "பால் ஊறட்டும்" என்று தினமும் ஒன்று குடித்தால் ஈடுகட்ட இடைவெளியே கிடைக்காது. நிற்கும் பால் உடம்புக்கு "இங்கே தேவை குறைவு" என்றுதான் சொல்லும். சில நாள் முழுதாக வடியாத மார்பு உற்பத்தியைத் தானாகக் குறைத்துவிடும். பால் கூட்டக் குடித்த ஸ்டவுட் பாலை வற்றவைப்பது இந்த வழியில்.

சாராயத்துக்குப் பயப்படுகிறவர்கள்கூட "பியர்தானே" என்பார்கள். அதையும் அதே தாய்க்குப் போட்டுப் பாருங்கள். கடையில் கிடைக்கும் ஸ்ட்ரோங் பியரும் ஸ்டவுட்டும் 8 சதவீதத்துக்கு மேல். 8.8 சதவீதம் என்று போட்ட 500 மில்லிலீற்றர் கேன் ஒன்றில் 35 கிராம் அற்ககோல் இருக்கிறது, 60 மில்லிலீற்றர் சாராயத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 48 கிலோ உடம்பில் அது முழுதாக இறங்க ஆறரை மணியிலிருந்து ஒன்பது மணிநேரம்வரை ஆகும். மூன்று மாதப் பிள்ளை அவ்வளவு நேரம் பசி தாங்காது. சாதாரண லாகர் பியர் 5 சதவீதத்துக்குள் இருக்கும், அதே கேன் அளவுக்கு நாலு ஐந்து மணிநேரம். எனவே கேனின் பெயரையோ நிறத்தையோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. பின்பக்கத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் படியுங்கள், அதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு வேலை செய்யாத இடமும் உண்டு. கசிப்புக்கு எந்தச் சதவீதமும் எழுதியிருக்காது. ஒரே ஆள் வடித்தாலும் இன்றைய போத்தலும் நேற்றைய போத்தலும் ஒன்றில்லை, அதில் அற்ககோலைத் தவிர வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்றும் தெரியாது. கித்துள் கள்ளும் காலையில் ஒரு கடுப்பு, மாலையில் புளித்து வேறொரு கடுப்பு. அளவு தெரியாததைக் குடித்துவிட்டால் தலைக்கிறுக்கமும் தள்ளாட்டமும் முழுதாகத் தீர்ந்த பிறகும் இன்னும் சில மணிநேரம் தள்ளிப் போடுவது தவிர வேறு வழி இல்லை.

தினமும் அதிகம் குடிக்கும் தாயின் நிலைமையே வேறு. 1978 இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் ஒன்று: நாலு மாதப் பிள்ளை, முகம் ஊதி, எடை கூடி, உயரம் மட்டும் வளராமல் நின்றிருந்தது. தாய் கிழமைக்குப் பல டசின் கேன் பியர் குடித்துக்கொண்டு பாலூட்டியிருந்தார். அவர் குடியை நிறுத்தியதும் பிள்ளை தேறியது. இப்படிக் குடிப்பவரை "இன்றே நிறுத்து" என்று மிரட்டுவதும் ஆபத்து. நீண்ட நாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், பிரமை, வலிப்புவரை வரலாம். மாவட்ட வைத்தியசாலையில் மருந்தோடு படிப்படியாக நிறுத்த வைக்க வேண்டிய விஷயம் அது.

பாலை விட்டுவிட்டு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும், என் கணிப்பில் லயத்தில் பெரிய ஆபத்து இதுதான். ஒரே காம்பராவில், ஒரே பாயில் அல்லது ஒரே கட்டிலில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நெருங்கிப் படுக்கிறோம். குடித்தவருக்குத் தூக்கத்தில் உணர்வு மந்தம். கை விழுந்தாலும், கம்பளி பிள்ளையின் முகத்தை மூடினாலும் தெரியாது. இதில் தாய் குடித்தாரா தகப்பன் குடித்தாரா என்ற பேதம் இல்லை, பெரும்பாலும் தகப்பன்தான். குடித்த இரவில் பிள்ளை அவர் பக்கத்தில் படுக்கக் கூடாது. தனித் தொட்டில், அதுவும் இல்லையென்றால் குடிக்காத ஒருவரின் பக்கம். குளிருக்கு ஒரு மடக்கு என்பதும் ஏமாற்று. தோலுக்கு இரத்தம் ஓடுவதால் சூடாகத் தெரியும், உண்மையில் உடம்பு அந்த வழியாகவே சூட்டை இழக்கும்.

அப்படியானால் உண்மையில் பால் குறைந்தவர் என்ன செய்வது? முதலில், குறைந்ததா என்று பார்க்க வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு மார்பு முன்போல் கல்லாக இறுகாமல் மெத்தென்று இருப்பது பழகிவிட்டதன் அடையாளம், வற்றியதன் அடையாளம் இல்லை. பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிறிய சிறுநீர் போகிறதா, கிளினிக் பதிவேட்டில் எடைக் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பாலும் சரி. எடைக் கோடு தட்டையானால் மருத்துவமாதுவிடம் ஒரு தடவை பால் கொடுத்துக் காட்டுங்கள். பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கறுப்புப் பகுதியோடு சேர்த்துக் கவ்வுகிறதா என்று அவர் பார்ப்பார்.

உண்மையிலேயே குறைந்திருந்தால் தோட்டத்தில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் பெரட்டுக்குப் போனால் சாயங்காலம் கொழுந்து நிறுத்த பிறகுதான் வீடு. நடுவில் மார்பு வடியவே இல்லை. பகலெல்லாம் நிற்கும் பால்தான் மறுநாள் உற்பத்தியைக் குறைக்கிறது, ஸ்டவுட் செய்வதும் இதையேதான். மாற்று மருந்தும் அதே இடத்தில் இருக்கிறது: மலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த உடனே ஒரு தடவை, இரவில் கேட்கும்போதெல்லாம். புரோலக்டின் இரவில்தான் அதிகம், அதனால் இராத்திரிப் பால் கொடுப்பதை விட்டுவிடக் கூடாது. பகலில் கொடுக்க முடியாத நேரத்துக்கு, கை கழுவிச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பீச்சி வைத்துவிட்டுப் போகலாம். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் அது அறையிலேயே நாலு மணிநேரம் கெடாது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நாலு நாள். சட்டத்திலும் இடம் இருக்கிறது: பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, வேலை நாளில் பாலூட்டுவதற்கென்று இரண்டு இடைவேளைகள் தாய்க்குக் கொடுக்க வேண்டும், பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிநேரத்துக்குக் குறையாமல், இல்லாத இடத்தில் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல். கங்காணியிடம் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.